பிரிண்டர் மலிவு, மை விலை: மலையகத்தில் எந்தப் பிரிண்டரை வாங்குவது?

கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் மழைநாள் ஒன்றில் என் கடைக்கு வந்தார். கறுப்புப் பொலித்தீன் பையில் சுற்றிய பிரிண்டரை மேசையில் வைத்தார். பழுது எதுவும் இல்லை. "வாங்கி ஒன்பது மாதம்தான் தம்பி. இதன் விலையைப்போல ரெண்டு மடங்கு மைக்கே கொடுத்துட்டேன். இதை வச்சுக்கிறதா, வித்துட்டு வேற வாங்கிறதா?" என்று கேட்டார். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறவர் அவர். இருபத்தைந்து பிள்ளைகள், வாரம் ஒரு வினாத்தாள், ஒவ்வொன்றும் நான்கு பக்கம்.

ஹட்டனில் பிரிண்டர் திருத்தும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு வாரா வாரம் வருகிறது. தலவாக்கலையிலிருந்து கோல் பண்ணிக் கேட்கிறார்கள், பதுளையிலிருந்து வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

## விலை எங்கே ஒளிந்திருக்கிறது

மலிவான பிரிண்டரை விற்கும் கம்பனி அந்தப் பெட்டியில் இலாபம் பார்ப்பதில்லை. பிறகு நாம் மாதா மாதம் வாங்கும் மையில்தான் பார்க்கிறது. ஷேவிங் ரேசரின் கைப்பிடியை மலிவாகக் கொடுத்து பிளேடில் காசு எடுப்பது என்று இதைச் சொல்வார்கள். எச்பி கம்பனியின் தலைவர் 2024 ஜனவரியில் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் இதை வெளிப்படையாகவே சொன்னார். ஒருவர் பிரிண்டர் வாங்கும்போது அது தங்களுக்கு ஒரு முதலீடு, அவர் போதிய அளவு அச்சிடாவிட்டாலோ தங்கள் மையைப் பாவிக்காவிட்டாலோ அது நட்டமான முதலீடு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இந்த முறைக்கு ஜில்லெட்டின் பெயரைச் சொல்வது வழக்கம். ஆனால் ஜில்லெட் தன் ரேசரை முதலில் மலிவாகக் கொடுக்கவில்லை. 1904இல் காப்புரிமை கிடைத்த அந்த ரேசர் ஐந்து டொலருக்கு விற்றது, அந்தக் காலத்துக்கு அது பெரிய காசு. காப்புரிமை 1921இல் முடிந்து மற்றவர்களும் அதே பிளேடைச் செய்யலாம் என்று ஆன நேரத்தில்தான் கைப்பிடியின் விலை இறங்கியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கைப்பிடி மலிவா என்பதோடு விஷயம் முடிவதில்லை. பிளேடை வேறு யாரும் செய்து விற்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். நம் பிரிண்டர் கணக்கு முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

கடைக்குப் போவதற்கு முன் நான்கு விஷயத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, மாதத்துக்கு எத்தனை பக்கம், அதில் கலர் எத்தனை என்பது. குத்துமதிப்பாகச் சொல்லாமல், போன மாதம் எத்தனை ஏ4 கட்டு முடிந்தது என்று பாருங்கள். ஒரு கட்டில் 500 தாள். இரண்டாவது, இடைவெளி. தினமும் பத்துப் பக்கம் அச்சிடுகிறவரும், இரண்டு மாதம் சும்மா விட்டு ஒரே நாளில் 600 பக்கம் அச்சிடுகிறவரும் ஒரே பிரிண்டரை வாங்கக்கூடாது. மூன்றாவது, அந்த மையையோ, லேசர் பிரிண்டரில் மைக்குப் பதிலாக வரும் தூளான டோனரையோ கம்பனியைத் தவிர வேறு யாராவது விற்கிறார்களா, போத்தல் முடிந்தால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கிடைக்குமா, இல்லை கண்டிக்கோ கொழும்புக்கோ ஆள் அனுப்ப வேண்டுமா என்பது. நான்காவது நம் ஊருக்கே உரியது: ஈரம், மின்சாரம், மழையில் நனையும் தாள்.

இனி டீச்சரின் கணக்கையே எல்லா வகைக்கும் போட்டுப் பார்ப்போம். மாதம் 400 கறுப்புப் பக்கம், விடுமுறை போக வருடத்துக்குப் பத்து மாதம், மூன்று வருடத்தில் 12,000 பக்கம். கீழே வரும் ரூபாய்க் கணக்குகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட விலைகள். டொலர் ஏறி இறங்கும்போது இவை மாறும், அதனால் உங்கள் கடைக்காரர் சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பக்க எண்ணிக்கை மட்டும் கம்பனிகள் அறிவித்தது. அதுவும் விடாமல் தொடர்ச்சியாக அச்சிட்டு அளந்தது. நாம் இடைவெளி விட்டு அச்சிடும்போது ஒவ்வொரு தடவையும் பிரிண்டர் மையைத் தாளில் தெளிக்கும் தன் தலையைச் சுத்தம் செய்ய மை எடுக்கும், அதனால் வீட்டில் குறைவாகத்தான் கிடைக்கும்.

## காட்ரிஜ் போடும் சின்ன இங்க்ஜெட்

டீச்சரிடம் இருந்தது இதுதான். பிரிண்டர் 18,000 ரூபாய் என்று வைப்போம். நம் பக்கத்தில் அதிகம் ஓடும் எச்பி 680 கறுப்பு காட்ரிஜ் 480 பக்கம் தரும், கலர் காட்ரிஜ் 150 பக்கம்தான் தரும். கறுப்பு ஒன்று 5,500 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 11 ரூபாய் 46 சதம் வருகிறது, தாள் விலை வேறு. 12,000 பக்கத்துக்கு 25 காட்ரிஜ், அதாவது 137,500 ரூபாய். பிரிண்டரையும் சேர்த்தால் 155,500. கம்யூனிகேஷன் கடையில் ஒரு பக்கத்துக்கு வாங்கும் காசில் பெரும்பகுதி இவருக்கு மைக்கே போய்விடுகிறது.

மறைந்திருக்கும் செலவு இதோடு முடியவில்லை. பெட்டியோடு வரும் காட்ரிஜில் பல மாடல்களில் கடையில் விற்கும் காட்ரிஜைவிட மை குறைவு. கலர் காட்ரிஜ் ஒன்றில் மூன்று நிறம் இருக்கும். நீலம் மட்டும் முடிந்தாலும் மஞ்சளும் சிவப்பும் மீதி இருக்க முழுதையும் வீச வேண்டும். சிரிஞ்சால் மை நிரப்பலாம், நானே நிரப்பிக் கொடுக்கிறேன். ஆனால் மை முழுக்க வற்றியபிறகும் அச்சிட்டுக்கொண்டே இருந்தால் காட்ரிஜின் அடியில் உள்ள தலை சூடேறிக் கருகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு மை ஊற்றினாலும் கோடு கோடாகத்தான் வரும். எழுத்து மங்கத் தொடங்கியதுமே கொண்டுவந்தால் இரண்டு மூன்று தடவை நிரப்பலாம்.

டீச்சரின் காட்ரிஜைக் கழற்றி, சுடுநீரில் நனைத்துப் பிழிந்த டிஷூ ஒன்றின்மேல் அழுத்திப் பார்த்தேன். செம்புத் தகட்டின் நடுவே உள்ள கோட்டிலிருந்து கறுப்பு சீராகப் பதிந்தது. தலை நல்ல நிலையில்தான் இருந்தது, மைதான் முடிந்திருந்தது. இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கோடு விட்டு விட்டுப் பதிந்தால் மை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஒன்றுமே பதியாவிட்டால் மை முடிந்திருக்கலாம், தலை அடைத்தும் இருக்கலாம்.

இந்த வகையின் பெரிய நன்மையும் அங்கேதான் இருக்கிறது. தலை காட்ரிஜோடு சேர்ந்தது. மூன்று மாதம் தொடாமல் விட்டுக் காய்ந்துபோனாலும் புது காட்ரிஜ் போட்டால் புதுத் தலை. அதனால் வருடத்துக்குச் சில நூறு பக்கம் மட்டும் அச்சிடுகிறவருக்கும், அடையாள அட்டைப் பிரதி, வேலைக்கான விண்ணப்பம் என்று எப்போதாவது தேவைப்படுகிறவருக்கும் இது சரியான தெரிவு. அப்புறம் ஒரு சின்ன வழி: எச்பியின் இரண்டு காட்ரிஜ் மாடல்களில் கலர் முடிந்துவிட்டால் அதைக் கழற்றிவிடுங்கள், கறுப்பு மட்டும் வைத்தே அச்சிடும். கலர் வாங்கியே ஆகவேண்டும் என்று நினைத்து ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## டாங்க் பிரிண்டர்

இந்த வகை பிறந்த கதை நமக்கு நெருக்கமானது. காட்ரிஜ் விலை தாங்காமல் இந்தோனேசியாவில் கடைக்காரர்கள் பிரிண்டரின் பக்கத்தில் மைக் குப்பிகளைக் கட்டி, மெல்லிய குழாயால் உள்ளே இணைத்து ஓட்டினார்கள். இங்கேயும் அப்படிக் குழாய் வெளியே தொங்கும் பிரிண்டர்களைத் திருத்தியிருக்கிறேன், மூடியை மூடவே முடியாது. எப்சன் 2010இல் அதே இந்தோனேசியாவில், டாங்கை உள்ளேயே வைத்து, பிரிண்டரின் விலையைக் கூட்டி, மையை மலிவாக்கி விற்கத் தொடங்கியது. பிளேடில் எடுத்த இலாபத்தைக் கைப்பிடிக்கே மாற்றிக்கொண்டார்கள். ஆரம்பத்தில் கூடக் கொடுக்கிறோம், பிறகு ஆளை விட்டுவிடுகிறார்கள்.

பிரிண்டர் 62,000 ரூபாய் என்று வைப்போம். எப்சன் 003 கறுப்புப் போத்தலில் 65 மில்லிலீட்டர் மை, 4,500 பக்கம். போத்தல் 2,800 என்றால் பக்கத்துக்கு 62 சதம். டீச்சரின் 12,000 பக்கத்துக்கு மூன்று போத்தல் போதும். பெட்டியோடு ஒன்று வரும், ஆனால் முதல் தடவை குழாய்களை நிரப்பவே அதில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் மூன்றையும் வாங்குவதாகவே போடுகிறேன்: 8,400. மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது சேர்விஸ் வரும், அதற்கு 8,000. மொத்தம் 78,400 ரூபாய். காட்ரிஜ் பிரிண்டருக்கு ஆகும் செலவில் பாதி.

எப்போது இந்தக் கூடுதல் விலை திரும்பி வரும் என்று பார்ப்போம். இரண்டு பிரிண்டருக்கும் விலை வித்தியாசம் 44,000. பக்கத்துக்கு மிச்சம் 10 ரூபாய் 84 சதம். வகுத்தால் ஏறத்தாழ 4,060 பக்கம். டீச்சர் அச்சிடும் பதினோராவது மாதத்தில் அந்த இடத்தைத் தாண்டிவிடுவார். மாதம் பதினைந்து பக்கம் அச்சிடும் வீட்டுக்கு 22 வருடம் ஆகும், அதுவரை எந்தப் பிரிண்டரும் உயிரோடு இருக்காது.

இனி மறைந்த செலவுகள். முதலாவது தலை. எப்சன் வகையில் தலை பிரிண்டருக்குள்ளே நிரந்தரமாக இருக்கிறது. பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் மூடி வைத்துவிட்டால் மை காய்ந்து நுண்ணிய துவாரங்கள் அடைக்கும். தலையை மாற்றுவதற்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு புதுப் பிரிண்டரே வாங்கிவிடுகிறார்கள். வாரம் ஒரு தடவை நான்கு நிறமும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிட்டால் இது வராது. ஆசிரியர்களுக்கு நான் சொல்வது, ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனால் வீட்டிலிருக்கும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, கழிவு மைப் பஞ்சு. தலையைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு தடவையும் உறிஞ்சிய மை, பிரிண்டரின் அடியில் உள்ள ஒரு பஞ்சில் போய்ச் சேர்கிறது. பிரிண்டர் அதைத் தன் கணக்கில் எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை நிரம்பியதும் ஒருநாள் திடீரென்று எல்லா விளக்கும் மாறி மாறி மின்னும், அச்சிடவே மறுக்கும். மை டாங்கில் நிறைய இருக்கும், ஒரு பாகமும் உடைந்திருக்காது. பலர் பிரிண்டர் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பஞ்சை மாற்றி எண்ணிக்கையைப் பூச்சியமாக்கினால் மறுபடி ஓடும். பஞ்சை மாற்றாமல் எண்ணிக்கையை மட்டும் அழித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அப்படிச் செய்த ஒரு பிரிண்டரை ஒருமுறை தூக்கினேன், அடியிலிருந்து கறுப்பு மை ஒழுகி மேசை விரிப்பு முழுக்கப் பரவிவிட்டது. சேர்விஸ் கொடுக்கும்போது, கழற்றிய பழைய பஞ்சைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது நம் ஊர்ப் பிரச்சினை. டாங்க் பிரிண்டர் பலவற்றின் மை தண்ணீரில் கரையும் சாயம். வினாத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துக்கு மழையில் நடக்கும் பிள்ளைக்கு, வீடு போய்ச் சேரும்போது ஒரு பாதி எழுத்து நீலத் திட்டாகக் கிடக்கும். சில மாடல்களில் கறுப்பு மட்டும் நிறமி மையாக வரும், அது அவ்வளவாகக் கரையாது. வாங்கும்போது கறுப்பு எந்த வகை என்று கேளுங்கள். கடையில் ஏற்கெனவே அச்சிட்ட பக்கம் இருந்தால், விரலை நனைத்து எழுத்தின் மேல் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மாதம் 200 பக்கத்துக்கு மேல், வாரா வாரம் தவறாமல் அச்சிடுகிறவர்களுக்கும், கலர் அடிக்கடி தேவைப்படும் முன்பள்ளி ஆசிரியர்களுக்கும், கடை வைத்திருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

## கறுப்பு வெள்ளை லேசர்

இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். லேசர் என்றால் பக்கத்துக்கு மலிவு என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது பெரிய அலுவலக இயந்திரத்துக்குச் சரி. சின்ன லேசர், காட்ரிஜ் இங்க்ஜெட்டைப் போலவே கைப்பிடி, பிளேடு கதைதான்.

பிரிண்டர் 55,000 என்று வைப்போம். எச்பி 85ஏ போன்ற டோனர் 1,600 பக்கம் தரும். பெட்டியோடு வருவது பெரும்பாலும் தொடக்க டோனர், சிலவற்றில் 700 பக்கம்தான். டீச்சரின் 12,000 பக்கத்துக்கு அதற்கு மேல் ஏழு டோனர் வேண்டும், கடைசியில் நூறு பக்கம் குறையும், டோனரைக் கழற்றி இடம் வலமாக ஆட்டினால் அதுவும் வந்துவிடும். கம்பனி டோனர் 22,000 ரூபாய் என்றால் ஏழுக்கு 154,000. பிரிண்டரோடு 209,000 ரூபாய். மூன்று வகையிலும் இதுதான் ஆகக் கூடிய செலவு. பக்கத்துக்கு 13 ரூபாய் 75 சதம், டீச்சர் திட்டிக்கொண்டு வந்த காட்ரிஜைவிடக் கூட.

அதே பிரிண்டருக்கு வேறு கம்பனி செய்த கொம்பட்டிபிள் டோனர் 3,500 ரூபாய்க்குக் கிடைத்தால் ஏழுக்கு 24,500, மொத்தம் 79,500. டாங்க் பிரிண்டருக்குச் சமமாக வந்துவிட்டது! ஒரே இயந்திரம், ஒரே பக்கங்கள், பிளேடை யார் செய்தார் என்பதில் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

ஆகவே லேசர் வாங்கும்போது பிரிண்டரைப் பார்ப்பதற்கு முன் டோனர் அலுமாரியைப் பாருங்கள். அந்த மாடலுக்கான கொம்பட்டிபிள் டோனர் நம் ஊர்க் கடையில் இப்போதே இருக்கிறதா? இன்னும் வரவில்லை, வரும் என்று சொன்னால் அந்த மாடல் வேண்டாம். புது மாடல்களின் டோனரில் ஒரு சிப் இருக்கிறது, கம்பனி டோனர்தானா என்று பிரிண்டர் அதைக் கேட்டுப் பார்க்கும். இணையம் வழியாக வரும் புதுப்பிப்பு ஒன்றால், நேற்று வரை ஓடிய டோனரை இன்று மறுக்கவும் முடியும். இங்க்ஜெட்டில் இப்படி நடந்தது உலகச் செய்தியானது. 2016 செப்டெம்பரில் எச்பியின் ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் பல, வேறு கம்பனி காட்ரிஜ்களை ஒரே நாளில் ஏற்க மறுத்தன. எதிர்ப்பு வலுத்ததும் கம்பனி மன்னிப்புக் கேட்டு, அந்தத் தடையை நீக்கும் புதுப்பிப்பையும் கொடுத்தது. அடுத்த வருடம், 2017 மேயில், அமெரிக்க உயர் நீதிமன்றம் லெக்ஸ்மார்க் வழக்கில், விற்ற டோனர் காட்ரிஜின் மேல் காப்புரிமையைச் சொல்லி வாங்கியவரைக் கட்டுப்படுத்த முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் அப்படி இருந்தாலும் சிப் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. சில மாடல்களில் எப்போதும் இணையத்தோடு இருக்க வேண்டும், கம்பனி மைதான் போட வேண்டும் என்று பெட்டியிலேயே நிபந்தனை எழுதியிருக்கும். விலை குறைவாக இருக்கும், அதைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். மற்ற மாடல்களில் யூஎஸ்பி வயரில் மட்டும் ஓட்டி, தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

கொம்பட்டிபிள் டோனருக்கும் குறை உண்டு. சிலதில் தூள் ஒழுகும், பக்கத்தின் ஓரத்தில் ஒரே இடைவெளியில் புள்ளி புள்ளியாக வரும். அப்படி வந்தால் உருளையில் கீறல் இருக்கிறது, கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடையிலேயே வாங்குவது அதற்காகத்தான்.

மலைநாட்டு ஈரம் லேசரில் வேறு விதமாகக் காட்டும். லேசர் தாளைச் சூடாக்கித்தான் தூளை ஒட்டுகிறது. மே, ஜூனில் மழை பிடித்து, பனி ஜன்னலுக்குள் வரும் நாட்களில் திறந்து வைத்த தாள் கட்டு ஈரத்தை இழுத்திருக்கும். அந்தத் தாள் வெளியே வரும்போது அதன்மேல் ஆவி பறப்பது கண்ணுக்கே தெரியும், தாள் சுருளும், இரண்டாவது பக்கம் போடும்போது மாட்டும். பிரிண்டர் பழுது என்று கொண்டுவருவார்கள், நான் புதுக் கட்டிலிருந்து பத்துத் தாள் போட்டதும் ஒழுங்காக ஓடும். தாள் கட்டின் உறை ஈரம் புகாதபடி செய்தது. தேவையானதை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அந்த உறையிலேயே சுற்றி வையுங்கள்.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். அச்சிடத் தொடங்கும்போது லேசர் ஒரே இழுவையில் நிறைய மின்சாரம் எடுக்கும், வீட்டு பல்ப் ஒருகணம் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கொம்பியூட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யூபிஎஸ்ஸில் லேசரைச் செருகினால் யூபிஎஸ் கத்தி நின்றுவிடும். சுவர்ப் பிளக்கில் நேரே போடுங்கள்.

சரி, லேசர் யாருக்கு? இடைவெளி விட்டு மொத்தமாக அச்சிடுகிறவர்களுக்கு. தூள் காயாது. நான்கு மாதம் சும்மா இருந்துவிட்டு தவணைப் பரீட்சைக்கு ஒரே நாளில் 600 பக்கம் போட்டாலும் முதல் பக்கம் முதலே தெளிவாக வரும். மழையில் நனைந்தாலும் எழுத்து கரையாது. கோவில் கமிட்டி, மரண உதவிச் சங்கம், பாடசாலை அலுவலகம் போன்ற இடங்களுக்கு, கொம்பட்டிபிள் டோனர் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு, டாங்கைவிட இதுதான் நல்லது.

## வாங்காமல் இருப்பது

இதையும் ஒரு தெரிவாக எடுங்கள். கம்யூனிகேஷன் கடையில் பக்கம் 15 ரூபாய் என்றால், மாதம் பதினைந்து பக்கத்துக்கு 225 ரூபாய், மூன்று வருடத்துக்கு 8,100. மலிவுப் பிரிண்டரின் பாதி விலைகூட இல்லை. ஆனால் டவுனில் இருப்பவருக்குத்தான் இது பொருந்தும். தோட்டத்துக்குள்ளே மேல் டிவிஷனில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுக்கு அல்லது ஓட்டோவுக்குக் கொடுக்க வேண்டும், அரை நாள் சம்பளம் போனாலும் போகும். அப்படிப்பட்ட ஒரு லயத்தில் நான்கைந்து வீடு சேர்ந்து ஒரு பிரிண்டர் வைத்துக்கொண்டால் பக்கங்களும் கூடும், மையும் காயாது.

## ஒரே பார்வையில்

| | காட்ரிஜ் இங்க்ஜெட் | டாங்க் | கறுப்பு லேசர் |
|---|---|---|---|
| வாங்கும் விலை (உதாரணம்) | 18,000 | 62,000 | 55,000 |
| ஒரு பக்கத்துக்கு மை அல்லது தூள் | 11.46 | 0.62 | கம்பனி 13.75, கொம்பட்டிபிள் 2.19 |
| 12,000 பக்கத்துக்கு மொத்தம் | 155,500 | 78,400 | கம்பனி 209,000. கொம்பட்டிபிள் 79,500 |
| சும்மா விட்டால் | காட்ரிஜ் காயும், மாற்றலாம் | தலை அடைக்கும், பெரிய செலவு | ஒன்றும் ஆகாது |
| மழையில் நனைந்த தாள் | மையைப் பொறுத்தது | பெரும்பாலும் கரையும் | கரையாது |
| எதிர்பாராத செலவு | மூன்று நிறமும் ஒன்றாகப் போவது | கழிவு மைப் பஞ்சு | சிப், தொடக்க டோனர் |

## ஸ்கேனர் வேண்டுமா, இலவச ஆப் போதுமா

சின்ன லேசர் பலவற்றில் ஸ்கேனர் இல்லை. உடனே வரும் கேள்வி, ஃபோனில் இலவச ஸ்கேன் ஆப் இருக்கிறதே, அது போதாதா என்பது. இங்கே வேறொரு விலை முறை இருக்கிறது. அடிப்படையை இலவசமாகக் கொடுத்து, மேலதிகமாக வேண்டியவரிடம் மட்டும் காசு வாங்குவது. 2006இல் இதற்கு ஃப்ரீமியம் என்று பெயர் வந்தது. பிளேடுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. காட்ரிஜில் நீங்கள் பாவிக்கப் பாவிக்கச் செலவு ஏறும். ஆப்பில் ஓர் எல்லைச் சுவர் வரை ஒரு சதமும் இல்லை, சுவரைத் தொட்டதும் மொத்தமாகக் கேட்பார்கள். இன்னொருவர் கூடுதலாகப் பாவிப்பதால் கம்பனிக்குப் பெரிய செலவில்லை, அதனால் பெரும்பாலோர் இலவசமாகவே இருந்தாலும் சிலர் கட்டுவதில் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

ஆகவே அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். சில ஆப்களில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆப்பின் பெயர் அச்சாகும். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியில் அது இருந்தால் அசிங்கம். நீக்கக் கேட்டால் மாதக் கட்டணம், அதையும் கார்ட்டில் கட்ட வேண்டும். ஏழு நாள் இலவசம் என்று சொல்லிக் கார்ட் இலக்கம் கேட்பது இன்னும் கவனிக்க வேண்டியது, எட்டாம் நாள் தானாகவே காசு கழிந்துவிடும். ஆப்பை ஃபோனிலிருந்து அழித்தாலும் கட்டணம் நிற்காது, பிளே ஸ்டோரில் சந்தாப் பகுதிக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

நல்லவேளையாக, மாதம் பத்து இருபது பக்கம் ஸ்கேன் பண்ணுகிறவருக்கு இதெல்லாம் தேவையில்லை. ஆண்ட்ராய்ட் ஃபோனில் கூகுள் டிரைவுக்குள்ளேயே ஸ்கேன் வசதி இருக்கிறது, ஐஃபோனில் நோட்ஸுக்குள் இருக்கிறது. இரண்டும் பெயர் எதுவும் போடாமல் பிடிஎஃப் தரும். ஆனால் கடை வைத்து நாள் முழுக்க ஸ்கேன் பண்ணுகிறவர் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது, அவர் ஸ்கேனர் உள்ள டாங்க் பிரிண்டரையே எடுக்கட்டும்.

## டீச்சர் எடுத்த முடிவு

தாளில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் டீச்சர் முதலில் டாங்கைத்தான் சொன்னார். அப்புறம் நானே ஒன்றைக் கேட்டேன், விடுமுறையில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று. யாரும் இல்லை, ஒரு மாதத்துக்கு அம்மா வீட்டுக்கு வெலிமடைக்குப் போய்விடுவாராம். பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டு மைல் நடந்து வருகிறவர்கள், தாள் நனையும். கலர் அவருக்கு வருடத்தில் ஓரிரு தடவைதான் தேவை. செலவு இரண்டுக்கும் ஏறத்தாழச் சமம் என்பதால் இந்த மூன்றும்தான் தீர்மானித்தன. கொம்பட்டிபிள் டோனர் மூன்று கடையில் இருக்கும் ஒரு பழைய லேசர் மாடலை எடுத்துக்கொண்டார்.

பழைய பிரிண்டரை விற்க வேண்டாம் என்று சொன்னேன். அதற்குக் கிடைக்கும் காசு ஒரு காட்ரிஜுக்கும் காணாது. கறுப்புக் காட்ரிஜைக் கழற்றிவிட்டு, கலரை மட்டும் வைத்து, ஆசிரியர் தினத்துக்கும் பரிசளிப்புக்கும் நாலு சான்றிதழ் போடப் பாவிக்கிறார். போன வாரம் வந்து ஒரு கொம்பட்டிபிள் டோனரும், ஈரம் படாமல் வைக்க மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் வாங்கிக்கொண்டு போனார்.